பின்பக்கப் படத்தை வைத்துக் கம்பளத்தின் வகையும் விலையும் பார்ப்பது

கேள்வி: உவர்மலையில் வீடு காலி செய்கிற ஒருவர் 2 மீட்டருக்கு 3 மீட்டர் கம்பளம் ஒன்றை விற்கிறார். ஈரானியப் பட்டு, கையால் நெய்தது, 700 முடிச்சு என்கிறார். 140,000 ரூபா கேட்கிறார். அதோடு சின்னக் கம்பளம் ஒன்று, 3 அடிக்கு 5 அடி, அதுவும் கைவேலையாம், 22,000. இரண்டின் முன்பக்கம், பின்பக்கம், மூலை, குஞ்சம் எல்லாம் படம் போட்டிருக்கிறேன். பின்பக்கத்தில் அடிமட்டமும் வைத்தேன். பெரியதில் பளபளப்புத் தெரிகிறது, ஒரு பக்கமிருந்து பார்த்தால் வெளிறியும் மறுபக்கமிருந்து பார்த்தால் இருண்டும் தெரிகிறது. இவை என்ன வகை, என்ன நூல், இந்த விலை தகுமா? ஒரு கடையில் இதே அளவில் புதிய துருக்கி மெஷின் கம்பளம் 58,000 என்றார்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. பெரியது மெஷினில் நெய்தது, பட்டு இல்லை. இந்த இரண்டும் உங்கள் படத்திலேயே உறுதி. அது என்ன நூல் என்பது படத்தில் தெரியாது. அக்ரிலிக்காக இருக்கலாம், பொலிப்ரோப்பிலீனாக இருக்கலாம், இரண்டும் செயற்கை நூல். ஒரு கண்ணாடிக் கோப்பையும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தால் அதை நீங்களே கண்டுபிடிக்கலாம். சின்னது கையில் துப்பாக்கி போன்ற கருவி பிடித்துக் குத்தி, பின்பக்கம் பசை போட்டு ஒட்டியது. கேட்கிற விலை இரண்டுக்குமே அதிகம்.

வளைகுடாவில் கம்பளம் கழுவித் தைத்துக் கொடுக்கிற கடையில் பல வருடம் வேலை செய்தேன். ஊருக்கு வந்த பிறகும் அதே வேலைதான். கடையில் கம்பளம் வந்து இறங்கினால் முன்பக்கத்தை யாரும் பார்க்கமாட்டோம், நேரே புரட்டிப் போடுவோம். முன்பக்கத்துப் பூவும் நிறமும் எந்த மெஷினிலும் வரும். பின்பக்கத்தில் நெய்த முறை அப்படியே கிடக்கும். பெரிய கம்பளத்தின் நான்கு படங்களில் எனக்கு உதவியது இரண்டாவது படம்தான்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அகலவாக்கில், அதாவது குஞ்சம் உள்ள விளிம்புக்கு இணையாக, மண்ணிறத்தில் கோடு கோடாக ஒரு நூல் ஓடுகிறது. அதன் ஓரத்தில் சிறிய மயிர்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அது சணல். நெசவில் நீளவாக்கில் இறுக்கிக் கட்டுகிற நூல் பாவு, அதற்குக் குறுக்கே போகிற நூல் ஊடை. ஊடைக்குச் சணல் போடுவது மெஷின் கம்பளத்தின் வழக்கம். மலிவானது, விறைப்பானது, கம்பளம் தரையில் சுருளாமல் கிடக்கும். கையால் முடிச்சுப் போடுகிறவர்கள் பாவுக்கும் ஊடைக்கும் பருத்தி, இல்லாவிட்டால் கம்பளி எடுப்பார்கள். பட்டுக் கம்பளம் என்றால் பாவும் பெரும்பாலும் பட்டாகவே இருக்கும். மாதக்கணக்கில் இருந்து பட்டு நூலில் முடிச்சுப் போடுகிற ஒருவர் அதற்கு அடியில் சணலைக் கொடுக்கமாட்டார். உங்கள் கம்பளத்தில் வேறு அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும் நான் இந்தச் சணலை வைத்தே பட்டு இல்லை என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் இன்னொரு அடையாளமும் இருக்கிறது, அது இன்னும் உறுதியானது. அதே படத்தில் இடப்பக்கம், நீலப் பூவுக்குக் கீழே, வெளிர்நிறத் தரைக்குள் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று நீளவாக்கில் நேராக இறங்குகிறது. முன்பக்கத்தில் அந்த இடத்தில் சிவப்பே இல்லை. இதுதான் மெஷினின் கையெழுத்து. தறியில் ஒவ்வொரு நிற நூலும் கம்பளத்தின் முழு நீளத்துக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் எந்த நிறம் வேண்டுமோ அந்த இடத்தில் அது மேலே வரும். மற்ற நேரமெல்லாம் அடித்தளத்துக்குள் ஒளிந்து கிடக்கும். சரியாக ஒளியாத இடத்தில் இப்படிக் கோடாகத் தெரியும். கையால் முடிச்சுப் போடுகிறவருக்கு அப்படி ஒரு நூலை இழுத்துக்கொண்டு போக வேண்டிய தேவை இல்லை. ஒரு முடிச்சைப் போட்டதும் நூலை அறுத்துவிடுவார், அடுத்ததற்கு வேறு நிறம் எடுப்பார். ஆகவே கையால் முடிந்த கம்பளத்தின் பின்பக்கத்தில், பூவில் இல்லாத நிறம் நேர்கோடாக ஓடாது.

இந்தத் தறியில் இரண்டு கம்பளத்தை முகத்துக்கு முகம் பார்த்தபடி ஒரே நேரத்தில் நெய்வார்கள். நடுவில் ஒரு கத்தி ஓடி இரண்டையும் பிரிக்கும். பாணை வெட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிறதல்லவா, அதுபோல இரண்டு கம்பளத்திலும் மேல்முடி ஒரே உயரத்தில் வரும். அதனால்தான் உங்கள் முன்பக்கப் படத்தில் முடி அவ்வளவு சமமாக இருக்கிறது. முடிச்சும் அங்கே கிடையாது. நூல் ஊடையின் கீழே வளைந்து மேலே வந்து நிற்கும், அவ்வளவுதான். போய்ப் பார்க்கும்போது கம்பளத்தை முன்பக்கம் வெளியே இருக்கிற மாதிரி மடித்து, மடிப்பில் முடியை இரண்டு பக்கமும் விலக்கிப் பாருங்கள். கைமுடிச்சு என்றால் ஒவ்வொரு நூலின் அடியிலும், இரண்டு பாவு நூலைச் சுற்றிக் கழுத்துப்பட்டி போட்ட மாதிரி ஒரு வளையம் தெரியும். மெஷின் என்றால் நூல் நேரே தரைக்குள் இறங்கிவிடும், வளையம் இராது. டோர்ச் அடித்தால் நன்றாகத் தெரியும்.

குஞ்சத்தைப் பற்றிப் பலர் உங்களுக்கு வேறு மாதிரிச் சொல்லக்கூடும். கையால் நெய்ததில் குஞ்சம் என்பது பாவு நூலின் மிச்சம், கம்பளத்தின் உடம்போடு சேர்ந்தது. மெஷினில் பல நேரம் தனியாகத் தைத்து ஒட்டுவார்கள். உங்கள் நான்காவது படத்தில் குஞ்சத்தின் வேரில் நேராக ஒரு தையல் ஓடுவது தெரிகிறது, ஆகவே அது பிறகு தைத்ததுதான். ஆனாலும் இதை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். நல்ல கைக்கம்பளத்தின் குஞ்சம் தேய்ந்து போனால், திருத்துகிறவர்கள் புதுக் குஞ்சம் தைப்பதுண்டு, நானே தைத்திருக்கிறேன். மறுபக்கம், மெஷின் கம்பளத்திலும் பாவு நூலையே விட்டு முடிந்து குஞ்சமாக்குகிறார்கள். பக்கவாட்டு விளிம்பும் இப்படித்தான். மெஷின் ஓவர்லொக் சந்தேகத்தைக் கூட்டும், நிரூபிக்காது. சணலும், ஒளிந்து ஓடுகிற நிறக்கோடும், முடிச்சில்லாத அடியும்தான் நிரூபிக்கும்.

700 என்பதற்கு வருகிறேன், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விற்கிறவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. மூன்றாவது படத்தில், மூலையில் பாதி கிழிந்த துண்டில் 700 என்று தெரிகிறது. அதைப் படித்தவர் 700 முடிச்சு என்று எடுத்திருப்பார். கைக்கம்பளத்தின் முடிச்சைச் சதுர அங்குலத்தில் எண்ணுவது வழக்கம், அந்தக் கணக்கில் 700 என்பது மிக நுணுக்கமான வேலை. ஆனால் ஈரானிய மெஷின் கம்பளத்தில் 700 என்பது வேறு கணக்கு. ஒரு மீட்டர் அகலத்தில் 700 வரிசை முடி இருக்கிறது என்று அர்த்தம். ஷானே என்பார்கள். 500, 700, 1000, 1200 என்று தரம் போகும், எண் கூடக் கூட நெசவு நெருக்கம்.

இதை உங்கள் அடிமட்டத்தை வைத்தே சரிபார்க்கலாம். அகலவாக்கில் ஒரு சென்ரிமீட்டருக்குள் எத்தனை முடி வரிசை என்று படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். வெவ்வேறு இடத்தில் எண்ணினாலும் 7 வருகிறது. சென்ரிமீட்டருக்கு 7 என்றால் மீட்டருக்கு 700, துண்டில் உள்ள எண்ணோடு பொருந்திவிட்டது. சதுர அங்குலத்துக்கு 700 முடிச்சு என்றால் சென்ரிமீட்டருக்கு அகலத்திலும் நீளத்திலும் பத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். அடிமட்டம் வைத்துப் படம் எடுத்ததற்கு நன்றி, அது இல்லாவிட்டால் இந்தக் கணக்கே வந்திராது. யாராவது உங்களிடம் எண் சொன்னால், எதற்குள் எத்தனை என்று கேளுங்கள். அங்குலமா, மீட்டரா, சதுரமா என்று தெரியாத எண் எதையும் சொல்லாது.

ஈரானியது என்ற பேச்சு சரியாகவே இருக்கலாம். அந்தத் துண்டில் பாரசீக எழுத்து இருக்கிறது. ஈரானில் கஷான் என்ற ஊர் பழைய கைக்கம்பளத்துக்குப் பெயர் போனது. இன்று அதே ஊரைச் சுற்றி மெஷின் தறிகளும் நிறைய ஓடுகின்றன. அங்கே நெய்தது என்ற ஒரே காரணத்தால் கைவேலை ஆகிவிடாது. நடுவில் ஒரு பெரிய பதக்கமும் சிவப்பும் கருநீலமும் உள்ள பூவேலையைக் கஷான் டிசைன் என்பார்கள், அதைத் துருக்கியிலும் பெல்ஜியத்திலும் எகிப்திலும்கூட மெஷினில் நெய்கிறார்கள். ஊர்ப் பெயரையும் டிசைன் பெயரையும் வைத்து விலை கொடுக்காதீர்கள்.

சரி, நூல். இங்கே என் கை கொஞ்சம் கட்டப்படுகிறது. படத்தில் பளபளப்புத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஒரு பக்கமிருந்து பார்த்தால் வெளிறியும் மறுபக்கமிருந்து பார்த்தால் இருண்டும் தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெட்டிய முடி உள்ள எல்லாக் கம்பளமும் அப்படித்தான், கம்பளியும் அப்படித்தான், பிளாஸ்டிக் நூலும் அப்படித்தான். முடி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதால் வருவது அது. பளபளப்பு மட்டும் என்றால் பட்டு, மரக்கூழில் செய்கிற விஸ்கோஸ், பொலியெஸ்டர், மெருகேற்றிய பருத்தி எல்லாமே மின்னும். உள்ளங்கையால் தேய்த்தால் சூடேறும், அது பட்டு என்று ஒரு கதை உலாவுகிறது, அதை விட்டுவிடுங்கள். எதைத் தேய்த்தாலும் சூடேறும்.

ஈரானிய 700 பெரும்பாலும் அக்ரிலிக்கில் வரும். பொலிப்ரோப்பிலீனிலும் வரும், அதைச் சூட்டில் முறுக்கிப் பதப்படுத்தி, கம்பளி மாதிரித் தோன்ற வைப்பார்கள். போன் படத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பிரிக்கிற வழி இலேசானது. விற்கிறவரிடம் கேட்டு, விளிம்புக்குப் பக்கத்தில் மேல்முடியில் இருந்து சில இழைகளை மட்டும் எடுங்கள். சணல் கலந்துவிடக் கூடாது. கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவுகிற திரவத்தில் ஒரு சொட்டு விடுங்கள். இழைகளைத் தண்ணீருக்குள் வைத்தே விரலால் பிசைந்து, உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் எந்த நூலும் காற்றினால் மிதந்து உங்களை ஏய்க்கும். பிறகு சில நிமிடம் பொறுங்கள். மேலே வந்து மிதந்தால் பொலிப்ரோப்பிலீன். அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, 0.91 அளவு. அக்ரிலிக், நைலோன், பொலியெஸ்டர், கம்பளி, பட்டு எல்லாம் தண்ணீரைவிட அடர்த்தி கூடியவை, தாழ்ந்துவிடும்.

தாழ்ந்தால் நெருப்பு வைத்துப் பார்க்க வேண்டும். முற்றத்தில், காற்றில்லாத மூலையில், பக்கத்தில் தண்ணீரோடு, இரண்டு மூன்று இழையைக் குறட்டில் பிடித்துச் செய்யுங்கள், கம்பளத்தில் நேரே கொளுத்தவேண்டாம். கம்பளியும் பட்டும் தலைமயிர் கருகுகிற மணம் தரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையப் பார்க்கும், மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். விஸ்கோஸும் பருத்தியும் கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். அக்ரிலிக் கரும்புகையோடு படபடவென்று எரிந்து, கரடுமுரடான கறுப்புக் கட்டியாக நிற்கும், அது நசுங்காது. கலப்பு நூல் என்றால் இந்தச் சோதனை இரண்டுங்கெட்டானாகப் பதில் சொல்லும். அப்படி நடந்தால் அதைக் கலப்பு என்றே வைத்து, மலிவான நூலின் விலையில் பேசுங்கள்.

நூல் எது என்பது உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், நம்முடைய காற்று. கடற்கரை ஊர், மாரி தொடங்கினால் வீட்டுக்குள் ஈரம் மாதக்கணக்கில் நிற்கும். பொலிப்ரோப்பிலீன் நீரை உறிஞ்சாது, பூச்சி தின்னாது, ஆனால் மேசைக் கால் பட்ட இடம் நசுங்கினால் நிமிராது. அக்ரிலிக் தொட மெதுவாக இருக்கும், நடக்கிற இடத்தில் நாளடைவில் பஞ்சு பஞ்சாக எழும்பும். விஸ்கோஸ் வாங்கவே வேண்டாம். தண்ணீர் பட்டால் அதன் பலம் போகும், காய்ந்ததும் அந்த இடம் மஞ்சளித்து விறைத்து நிற்கும். மூங்கில் பட்டு, வாழைப் பட்டு என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் இதுதான். உங்கள் பெரிய கம்பளத்தில் மேல்முடியைவிடச் சணல்தான் கவலை. அது ஈரம் குடிக்கும், மெதுவாகக் காய்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

அந்தக் கவலை உங்கள் மூன்றாவது படத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மூலைக்குப் பக்கத்தில், தேத்தண்ணீர் சிந்திய மாதிரி ஒரு மண்ணிறப் படர்வு. அது தேத்தண்ணீர் இல்லை என்பது என் ஊகம். அதன் ஓரம் கூராக இல்லை, முடியின் நுனியில் அடர்த்தியாகவும் கீழே போகப் போக இலேசாகவும் இருக்கிறது. மேலே இருந்து சிந்தியது என்றால் அடியிலும் நிறம் பிடித்திருக்கும். சணல் நனைந்தால் அதில் உள்ள மண்ணிறம் தண்ணீரில் கரைந்து, கம்பளம் காயும்போது முடி வழியே மேலேறி நுனியில் தங்கும். தரை துடைத்த ஈரம் காய முன்னம் கம்பளத்தை விரித்த வீடுகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். படத்தை வைத்து இதை உறுதியாகச் சொல்ல முடியாது. நேரே போனால் அந்த இடத்தின் பின்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பாருங்கள். பிறகு அந்த மூலையை இறுக்கமாக மடித்துக் காது கொடுங்கள். மெல்லிய வெடிப்புச் சத்தம் கேட்டால் அடித்தளம் உக்கிவிட்டது, எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். சத்தம் இல்லை, மணமும் இல்லை என்றால் அது கறை மட்டும்தான், பெரும்பாலும் கழுவி இலேசாக்கலாம். முழுதாகப் போகும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன்.

விலைக்கு வருவோம். 140,000 ரூபாவை இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். விற்கிறவர் சொல்வது உண்மை என்றே வைப்போம். பட்டில் சதுர அங்குலத்துக்கு 400 முடிச்சு என்று மட்டும் எடுத்தாலும், 6 சதுர மீட்டருக்கு 37 இலட்சம் முடிச்சு வரும். ஒரு நாளில் 8,000 முடிச்சுப் போடுகிறவர் நல்ல கைவேகம் உள்ளவர். தனியாக இருந்தால் அவருக்கு 460 நாளுக்கு மேல் வேலை. 140,000 ரூபாவை அந்த நாட்களுக்குப் பிரித்தால் நாளுக்கு ஏறக்குறைய 300 ரூபா, பட்டு நூலின் விலை இதில் இல்லை, ஏற்றி வந்த செலவும் இல்லை. உண்மையான பட்டுக் கைக்கம்பளம் இந்த அளவில் பல ஆயிரம் டொலர் போகும். ஆகவே பட்டுக்கு இந்த விலை மிகக் குறைவு, மெஷினுக்கு மிக அதிகம்.

மெஷின் கம்பளத்துக்கு நீங்கள் கடையில் கேட்ட 58,000தான் தொடக்கப் புள்ளி. ஆனால் அந்தத் துருக்கிக் கம்பளத்தின் பின்பக்கத்திலும் அடிமட்டத்தை வைத்து எண்ணிவிட்டு வாருங்கள். அதில் சென்ரிமீட்டருக்கு 5 என்றால், உங்கள் 7 அதைவிட நெருக்கமான நெசவு, புதிதாக இருந்தபோது விலை கூடியதாகவே இருந்திருக்கும். அதிலும் 7 என்றால் நேருக்கு நேர் ஒப்பிடலாம். நேருக்கு நேர் என்றே வைத்துச் சொல்கிறேன். ஒரு வீட்டில் கிடந்து எழும்பிய மெஷின் கம்பளத்துக்கு, முடி நசுங்காமல் இருந்தால், நான் புதியதின் பாதிக்கு மேல் கொடுக்கமாட்டேன். அது 29,000. மூலைக் கறைக்கும் கழுவுகிற செலவுக்கும் கழித்தால் 22,000 முதல் 25,000 வரை. நெசவு கடைச் சாமானைவிட நெருக்கம் என்று எண்ணிப் பார்த்து உறுதியானால் 30,000 வரை ஏறலாம். இது என் கணிப்பு, சந்தை விலைப் பட்டியல் அல்ல. கொழும்பில் வேறு ஒருவர் வேறு எண் சொல்லலாம், ஆனால் இரண்டு மடங்கு வித்தியாசம் வராது.

சின்னக் கம்பளத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல வேண்டும். ஐந்தாவது படத்தில் பின்பக்கம் முழுக்க வெள்ளைத் துணி, பூவேலையின் நிழல்கூட இல்லை. அந்தத் துணி எதையோ மூடுகிறது, அது பசை. ஒரு துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கையில் பிடிக்கிற கருவியால் நூலைக் குத்தி ஏற்றுவார்கள், நூல் கழன்றுவிடாமல் பின்பக்கத்தில் இறப்பர்ப் பசை பூசி, மேலே இந்தத் துணியை ஒட்டுவார்கள். கையால்தான் செய்கிறார்கள், அதனால் கைவேலை என்று சொல்வதில் பொய் இல்லை. ஆனால் முடிச்சு ஒன்றும் இல்லை, நூலைப் பிடித்து வைத்திருப்பது பசை மட்டும். இந்தியாவில் பதோஹி, மிர்சாப்பூர் பக்கம் இது நிறையச் செய்கிறார்கள், மேல்நூல் நல்ல கம்பளியாகவும் இருக்கும். பசையில் சுண்ணாம்புக்கல் பொடி கலப்பதால் கம்பளம் பாரமாக இருக்கும். தூக்கிப் பார்த்துப் பாரம் என்றால் தரம் என்று நினைக்கிற வழக்கம் இங்கேதான் ஏமாற்றும்.

அந்தப் பசைக்கு ஆயுள் உண்டு. சூட்டிலும் காற்றிலும் சில வருடங்களில் விறைத்துப் பொடியாகும். கம்பளத்தைத் தூக்கிய இடத்தில் தரையில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மாவு மாதிரிக் கிடக்கிறதா என்று பாருங்கள், ஒரு மூலையை வளைத்தால் நொறுங்குகிற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் வேண்டாம், அதைத் திருத்துகிற செலவு கம்பளத்தின் விலையைத் தாண்டும். இரண்டும் இல்லை, தீயில் தலைமயிர் மணமும் வருகிறது என்றால் 7,000 அல்லது 8,000 ரூபா கொடுக்கலாம். மேல்நூல் கம்பளி இல்லை என்றால் அதில் பாதி. உங்களுக்கு வேண்டியது திண்ணையில் போட ஒரு விரிப்பு மட்டும் என்றால், அந்தக் காசில் நல்ல பன்பாய் ஒன்றுக்கு மேலேயே வாங்கலாம், உதறி வெயிலில் போட்டு எடுக்கவும் இலகு.

போகும்போது பகல் வெளிச்சத்தில் போங்கள். முதலில் பின்பக்கத்தைப் புரட்டி அந்தச் சிவப்புக் கோட்டைத் தேடுங்கள், பிறகு முன்பக்கத்தை மடித்து முடியை விலக்கிப் பாருங்கள், அப்புறம் மூலையை மணந்து மடித்துப் பாருங்கள், கடைசியாகச் சில இழைகளைக் கேட்டு வாங்கி வாருங்கள். விலையை அன்றைக்கே பேசவேண்டாம். விற்கிறவரிடம் இது பொய் என்று சண்டை பிடிக்கவும் வேண்டாம், அவரும் யாரோ சொன்னதை நம்பி நல்ல விலைக்கு வாங்கியவராக இருக்கக்கூடும். சணலையும் நிறக்கோட்டையும் காட்டி, கடை விலையைச் சொல்லி, உங்கள் தொகையைச் சொல்லுங்கள். முடியை விலக்கிய இடத்தையும் கடைக் கம்பளத்தின் பின்பக்கத்தையும், பிளாஷ் போடாமல், ஜன்னல் பக்கம் வைத்து, அடிமட்டத்தோடு படம் எடுத்து இங்கே போட்டால் 25,000க்கு மேலே ஏறலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.